ஒண்ணாப்புப் பிள்ளையிடம் "நடவடிக்கை எடுக்கப்படும்" என்று சொல்லலாமா?

காரைக்குடிப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் வேலை பார்க்கிறேன். பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றின் பாதிதான் எங்கள் பள்ளிக்கூடம். நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், தரை முழுக்க ஆத்தங்குடிக் கல். காலையில் அந்த முற்றத்தில்தான் பிரேயர் நடக்கும். தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, திருக்குறள், செய்திகள் எல்லாம் முடிந்து நாட்டுப்பண்ணுக்கு முன்னால் ஒரு இரண்டு நிமிடம் அறிவிப்புக்கு ஒதுக்குவோம். புதிதாகச் சேர்ந்த ஆசிரியர் யாரோ அவர் கையில் மைக்கைக் கொடுத்துவிடுவது வழக்கம், கூடவே அலுவலக அறையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டும் வரும். இந்தக் கட்டுரை அந்தச் சீட்டைப் பற்றியது.

சீட்டில் இருப்பதை அப்படியே வாசித்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் பள்ளியிலேயே வாசிக்கப்பட்ட ஒன்றைத் தருகிறேன்.

"மாணவ மாணவியர் கவனத்திற்கு. மதிய உணவு இடைவேளையின்போது உணவருந்திய பின் தட்டு கழுவும் இடத்தில் கூட்டமாக நின்று முண்டியடிப்பதும், குழாய்களைத் திறந்துவிட்டுச் செல்வதும், தாழ்வாரத்தில் ஓடுவதும் தொடர்ந்து காணப்படுகிறது. இனி அனைவரும் வகுப்பு வாரியாக வரிசையில் நின்று தட்டுகளைக் கழுவ வேண்டும். மீறுவோர் மீது கடுமையான நடவடிக்கை எடுக்கப்படும்."

பிரேயர் கலைந்ததும் ரெண்டாப்புப் பிள்ளை ஒருத்தியிடம் "என்னம்மா சொன்னாங்க?" என்று கேட்டேன். "திட்டினாங்க டீச்சர்" என்றாள். யாரை, எதுக்கு என்று கேட்டேன். "தெரியல, அஞ்சாப்பு அண்ணங்கள இருக்கும்." அன்று மதியமும் குழாயடியில் அதே தள்ளுமுள்ளுதான்.

எழுதியவர் கெட்ட மனிதர் இல்லை. இந்த நடை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் புரியும். மேலிடத்திலிருந்து ஆசிரியர்களுக்கு வரும் சுற்றறிக்கையின் மொழி அது. அதை வருஷக்கணக்காக வாசித்து வாசித்து, பிள்ளைகளுக்கு எழுதும்போதும் கை அதையே எழுதிவிடுகிறது.

சரி, இதை எப்படி மாற்றுவது? வார்த்தையில் கை வைக்கும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

முதலில் குழாயடிக்குப் போங்கள்

மேலே உள்ள அறிவிப்பைத் திரும்ப வாசியுங்கள். "வகுப்பு வாரியாக" என்கிறது, சரி, எந்த வகுப்பு முதலில்? யார் அனுப்புவார்கள்? மற்றவர்கள் அதுவரை எங்கே இருப்பார்கள்? ஒன்றும் இல்லை. அதட்டலான அறிவிப்புகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான்: ஏற்பாடு செய்யாமல் விட்ட இடத்தில்தான் மிரட்டல் வந்து உட்காரும். நீங்கள் அந்த மிரட்டலை மட்டும் எடுத்துவிட்டு இனிப்பான சொற்களைப் போட்டால், பிள்ளைகளுக்கு இன்னமும் எப்போது எழுந்திருக்க வேண்டும் என்று தெரியாது.

நான் போய் நின்று பார்த்தேன். 86 பிள்ளைகள், 4 குழாய், அதில் ஒன்று எப்படித் திருகினாலும் மூடாது, அதனால் அதை யாரும் தொடுவதில்லை. ஆக 3 குழாய். ஒரு பிள்ளை தட்டு கழுவ ஏறக்குறைய அரை நிமிடம் ஆகிறது. 86 பேருக்கும் சேர்த்து 43 நிமிடக் குழாய் நேரம், அதை மூன்றால் வகுத்தால் 14 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. ஒரே மணிக்கு எல்லோரும் எழுந்தால் கடைசிப் பிள்ளை கால் மணி நேரம் ஈரத்தில் நிற்க வேண்டும். முண்டியடிக்காமல் என்ன செய்யும்? "குழாய்களைத் திறந்துவிட்டுச் செல்வது" என்று குற்றம் சாட்டியதும் அந்த மூடாத குழாயைப் பார்த்துத்தான். அதற்குத் தேவை ஒரு வாஷர், அறிவிப்பு இல்லை.

தலைமையாசிரியரிடம் பேசி, ஒண்ணாப்பும் ரெண்டாப்பும் முதல் மணிக்கு (34 பேர், ஆறு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்), மூணாப்பு இரண்டாம் மணிக்கு, நாலாப்பும் அஞ்சாப்பும் மூன்றாம் மணிக்கு என்று வைத்துக்கொண்டோம். வாஷரும் வந்தது. இந்த ஏற்பாடு கையில் வந்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். உங்களுக்கும் இந்த வரிசைதான் சரிப்படும், ஏனென்றால் ஏற்பாடு தெளிவாகிவிட்டால் பாதி அறிவிப்பு தன்னால் எழுதிக்கொள்ளும்.

பிள்ளையின் கை கால் என்ன செய்யணும்?

இப்போது சீட்டை எடுத்து, பிள்ளை உடம்பால் செய்ய வேண்டிய செயல்களை மட்டும் கோடிடுங்கள். "காணப்படுகிறது", "கவனத்திற்கு", "நடவடிக்கை" எதுவும் பிள்ளை செய்யும் செயல் இல்லை. எங்கள் சீட்டில் மிஞ்சியது மூன்று: முறைக்குக் காத்திருப்பது, குழாயை மூடுவது, தாழ்வாரத்தில் நடப்பது. குழாயை வாஷர் பார்த்துக்கொண்டது, அதை அடித்துவிட்டேன். மிச்சம் இரண்டு. ஒரு காலைக்கு இரண்டு செயல் போதும். மூன்றாவது ஒன்று இருந்தே தீரும் என்றால் நாளைக்குச் சொல்லுங்கள், நாளைக்கும் பிரேயர் உண்டு.

அடுத்தது வாக்கியம். தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. பெரியவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை, ஆனால் "உணவருந்திய பின் தட்டு கழுவும் இடத்தில் கூட்டமாக நின்று முண்டியடிப்பதும்..." என்று போய்க்கொண்டே இருந்தால், ஐந்து வயசுப் பிள்ளை அத்தனையையும் தலையில் சுமந்துகொண்டு, கடைசியில் வரப்போவது 'செய்' என்றா 'செய்யாதே' என்றா என்று காத்திருக்க வேண்டும். பாதியிலேயே முற்றத்து மேலே புறா பறக்கும், கவனம் அதோடு போய்விடும். அதனால் எச்சங்களை உடையுங்கள். ஒரு வாக்கியத்துக்கு ஒரு முற்று, முடிந்தால் ஐந்தாறு சொல்லுக்குள்.

"நிற்றல் வேண்டும்", "கழுவுதல் வேண்டும்" போன்றவற்றை "நில்லுங்க", "கழுவுங்க" ஆக்குங்கள். "மாணவர்கள்" என்பதை "நீங்க" ஆக்குங்கள். இது அற்பமாகத் தெரியும், ஆனால் 'மாணவ மாணவியர்' என்றால் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று ஒண்ணாப்புப் பிள்ளைக்கு உறைப்பதில்லை. வீட்டில் அப்பத்தா யாரும் அதை "மாணவியே, சாப்பிட வா" என்று கூப்பிடுவதில்லையே.

பேசுவதற்கு எழுதுகிறீர்கள் என்பதால் பேச்சு வடிவத்திலேயே எழுதுங்கள். "எழுந்திருக்கவும்" என்று எழுதி வைத்துக்கொண்டு "எந்திரிங்க" என்று வாசித்துக்கொள்ளலாம் என நினைத்தால், மைக் முன்னால் நின்றதும் வாய் தாளில் இருப்பதைத்தான் வாசிக்கும். நான் பலமுறை அப்படி மாட்டியிருக்கிறேன்.

'கூடாது' என்பதை என்ன செய்வது

"ஓடாதீங்க" என்ற சொல்லைக் காதால் கேட்டுப் பாருங்கள். முதலில் விழுவது 'ஓடு'. மறுப்பு நடுவில் ஒளிந்திருக்கும் சின்ன ஒலி. எங்கள் மைக் கரகரக்கும், முற்றத்தின் நாலு சுவரும் எதிரொலிக்கும், கடைசி வரிசைக்கு அந்த நடு ஒலி போய்ச் சேர்வது அதிர்ஷ்டம். அதனால் முடிந்தவரை செய்ய வேண்டியதையே சொல்லுங்கள்: "நடந்து வாங்க."

அப்புறம் காரணம். மிரட்டலை எடுத்த இடத்தில் பிள்ளை கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு காரணத்தை வையுங்கள். ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடி மேல் வைத்துத்தான் வார்க்கிறார்கள், அதனால்தான் அந்த வழவழப்பு. காய்ந்திருக்கும்போது காலுக்குச் சுகம், கழுவின தட்டிலிருந்து நாலு சொட்டு விழுந்தால் வழுக்கிவிடும். "ஒழுக்கத்தைக் கடைப்பிடிக்க" என்பதைவிட "தரை நனைஞ்சா வழுக்கும்" எத்தனையோ மேல், ஏனென்றால் அந்தத் தரையில் விழாத பிள்ளை எங்கள் பள்ளியில் அநேகமாகக் கிடையாது. காரணம் ஒரே வாக்கியமாக இருக்கட்டும். நான்கு வாக்கியமாகப் போனால் அது அறிவுரை ஆகிவிடும், பிள்ளைகள் அதை மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

காரணத்தை எழுதும்போதே இன்னொன்றும் தட்டுப்பட்டது. ஓட்டம் மட்டும் பிரச்சினை இல்லை, சொட்டுகிற தட்டும்தான். அதனால் "குழாய்கிட்டயே தட்டை ரெண்டு உதறு உதறுங்க" என்று ஒரு வரி சேர்ந்தது.

கடைசியில் வாசித்தது இது:

"காலை வணக்கம் பிள்ளைகளா. இன்னைக்கு மத்தியானம் தட்டு கழுவுறதுல ஒரு மாற்றம். மூணு தடவை மணி அடிப்போம். முதல் மணி ஒண்ணாப்பு, ரெண்டாப்புக்கு. ரெண்டாவது மணி மூணாப்புக்கு. மூணாவது மணி நாலாப்பு, அஞ்சாப்புக்கு. உங்க மணி வர்ற வரைக்கும் உக்காந்திருங்க. கழுவினதும் குழாய்கிட்டயே தட்டை ரெண்டு உதறு உதறுங்க. அப்புறம் நடந்து வாங்க. நம்ம தரை நனைஞ்சா வழுக்கும்."

நிதானமாக, நடுவில் மூச்சு விட்டு வாசித்தாலும் அரை நிமிடத்தைக் கொஞ்சம்தான் தாண்டுகிறது. காத்திருப்பது ஒன்று, உதறிவிட்டு நடப்பது ஒன்று. மணிக்கணக்கு யாருக்கும் முழுசாக நினைவிருக்க வேண்டியதில்லை, தன் வகுப்புக்கு எந்த மணி என்பது மட்டும் போதும். அதையும் முதல் இரண்டு நாள் வகுப்பாசிரியர்கள் நினைவுபடுத்தினார்கள்.

புதியவர்கள் வழுக்கும் இடங்கள்

மென்மையாகச் சொல்லக் கிளம்புகிறவர்கள் விழுகிற முதல் குழி '-லாம்'. நானே விழுந்திருக்கிறேன். காலை உணவுத் திட்டம் 2022இல்தான் வந்தது, அதற்கும் முந்தைய காலம். மறுநாள் குடற்புழு நீக்க மாத்திரை கொடுக்கப் போகிறோம், சாப்பிட்டுவிட்டு வரச் சொல்ல வேண்டும். அதட்டாமல் சொல்கிறேன் பேர்வழி என்று "நாளைக்கு எல்லாரும் காலையில சாப்பிட்டுட்டு வரலாம்" என்று அறிவித்தேன். மறுநாள் ஒரு பத்துப் பன்னிரண்டு பேர் வெறும் வயிற்றோடு வந்து நின்றார்கள். "வரலாம்னுதானே சொன்னீங்க டீச்சர்" என்றான் ஒருவன், அவன் சொன்னதில் தப்பு இல்லை. 'லாம்' என்றால் விருப்பமிருந்தால் செய், இல்லாவிட்டால் விடு என்றும் பொருள். வடைக்கடைக்காரரிடம் சொல்லி அவசரமாக இட்லி வரவழைத்தோம். கட்டாயமானதை "சாப்பிட்டுட்டு வாங்க" என்று நேராகவே சொல்லிவிடுங்கள். 'வாங்க' என்ற சொல்லுக்குள்ளேயே மரியாதை இருக்கிறது, தனியாகச் சர்க்கரை போட வேண்டியதில்லை.

இரண்டாவது, 'நாம'. 'நாங்க' என்றால் கேட்கிறவர் வெளியே, 'நாம' என்றால் உள்ளே, இந்த வசதி தமிழில் இருப்பதால் 'நாம' என்று போட்டால் அறிவிப்பு உடனே இதமாகிவிடும். ஆனால் "நாம எல்லாரும் தட்டைக் கழுவுவோம்" என்று சொல்லிவிட்டு ஆசிரியர் தன் டிபன் கேரியரை ஆயாம்மாவிடம் கொடுத்தால் அஞ்சாப்பு அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். நீங்களும் செய்யும் காரியத்துக்கு மட்டும் 'நாம' போடுங்கள், மற்றதற்கு 'நீங்க' போதும்.

'கண்ணுகளா', 'செல்லக்குட்டிகளா' வேண்டாம் என்பது என் கட்சி. ஒண்ணாப்பு சிரிக்கும், அஞ்சாப்பு நெளியும். 'பிள்ளைகளா' எல்லோருக்கும் பொருந்துகிறது.

அப்புறம் 'சில மாணவர்கள்'. பேர் சொல்லவில்லையே என்று நீங்கள் நினைப்பீர்கள். நீங்கள் அந்தச் சொல்லை முடிக்கும் முன் முற்றத்தில் இருக்கிற அத்தனை தலையும் ஒரே பையன் பக்கம் திரும்பியிருக்கும். அவனிடம் பேச வேண்டியதைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

மென்மை உதவாத இடம்: ஊருணி

ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் ஊருணி நிறையும், கண்மாய் நிறையும். அப்போது வரும் சீட்டு இப்படி இருக்கும்: "மழைக்காலத்தை முன்னிட்டு நீர்நிலைகளுக்கு அருகில் செல்வதைத் தவிர்க்குமாறு மாணவர்கள் அறிவுறுத்தப்படுகிறார்கள்." இதில் அதட்டல் இல்லை, பணிவாகக்கூட இருக்கிறது. ஆனால் முன்னதைவிட மோசமான அறிவிப்பு இதுதான். 'நீர்நிலை' எது என்று பிள்ளைக்குத் தெரியாது, அது தினமும் தாண்டி வருவது ஊருணி. 'தவிர்க்குமாறு' என்றால் போகக் கூடாதா, குறைவாகப் போகணுமா?

உயிர் சம்பந்தப்பட்டதில் மேலே சொன்ன விதி ஒன்றை நானே மீறுவேன். இங்கே 'இறங்காதீங்க' என்ற மறுப்பு நேராக நிற்க வேண்டும், நடு ஒலி தொலையாமல் இருக்க இரண்டு முறை சொல்ல வேண்டும். இடத்தின் பெயரை ஊரில் சொல்கிற பெயராலேயே சொல்லுங்கள். அதோடு, பிள்ளைகள் எதற்காகத் தண்ணீருக்குப் போகிறார்கள் என்று யோசியுங்கள். வேண்டுமென்று இறங்குவது குறைவு, பந்து விழும், செருப்பு மிதக்கும், அதை எடுக்கப் போகும்போதுதான் பாசி படிந்த படியில் கால் வழுக்கும். அந்தத் தருணத்துக்குச் சொல்லும் வரிதான் அறிவிப்பின் உயிர்.

"பிள்ளைகளா, ஊருணி நிறைஞ்சிருக்கு. படியில இறங்காதீங்க. ஒரு படிகூட இறங்காதீங்க. படியில பாசி இருக்கு, வழுக்கும். பந்து விழுந்தா பந்து போகட்டும். செருப்பு விழுந்தா செருப்பு போகட்டும். யாரும் திட்ட மாட்டோம். யாராச்சும் தண்ணிக்குள்ள விழுந்துட்டா நீங்க குதிக்காதீங்க. சத்தம் போட்டுக் கூப்பிடுங்க, பெரியவங்கள ஓடிப்போய்க் கூட்டிட்டு வாங்க."

"யாரும் திட்ட மாட்டோம்" என்பதை முதலில் நான் எழுதவில்லை. ஒரு பிள்ளைதான் "செருப்பு போயிட்டா அம்மா அடிப்பாங்களே" என்று கேட்டது. அதற்கப்புறம் அந்த வரியைச் சேர்த்தேன், பெற்றோர் கூட்டத்திலும் இதே விஷயத்தை அம்மாக்களிடம் தனியாகச் சொன்னோம். அவர்களிடம் சொல்லாமல் பிள்ளையிடம் மட்டும் வாக்குக் கொடுப்பது பொய்யாகிவிடும். இந்த அறிவிப்பில் செயல்கள் இரண்டுக்கு மேல் இருக்கின்றன, தெரியும். அதனால் அன்றைக்கு வேறு எந்த அறிவிப்பும் வாசிக்க மாட்டோம். மழை முடியும் வரை வாரா வாரம் இதையே, சொல் மாறாமல், திரும்ப வாசிப்போம்.

போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது

வாசித்து முடித்து "சரியா?" என்று கேட்காதீர்கள். "சரிங்க டீச்சர்ர்ர்" என்று ஒரே குரலில் வரும், புறாவைப் பார்த்துக்கொண்டிருந்தவன் குரலும் அதில் இருக்கும். அதற்குப் பதில் "ரெண்டாவது மணி யாருக்கு?" என்று கேளுங்கள். பிரேயர் கலைந்ததும் ஒண்ணாப்பில் ஒருவர், மூணாப்பில் ஒருவர் என்று இரண்டு பேரிடம் "மத்தியானம் என்ன செய்யணும்?" என்று தனியாகக் கேளுங்கள். செயலைச் சொன்னால் அறிவிப்பு போய்ச் சேர்ந்தது. "சத்தம் போட்டாங்க" என்றோ "நல்லா பேசினீங்க" என்றோ சொன்னால் இல்லை. வகுப்பாசிரியர்கள் அறைக்குப் போய் மறுபடி விளக்க வேண்டியிருந்ததா என்றும் கேட்டு வையுங்கள், விளக்கியிருந்தால் அவர்கள் எந்தச் சொல்லால் விளக்கினார்களோ அதை அடுத்த முறை நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.

அறிவிப்பை அஞ்சாப்புத் தலைவன் வாசிக்கும் பள்ளி என்றால் முந்தின நாளே தாளைக் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். அவனைத் தடுக்கும் சொல் எதுவோ அது கேட்கிறவனையும் தடுக்கும். மிரட்டல் வரி ஏதாவது மிஞ்சியிருந்தால் அதை வாசிக்கும்போது அவன் முதுகு நிமிர்வதைப் பார்ப்பீர்கள், அன்று முழுக்க அவன் போலீஸ்காரனாகத்தான் திரிவான்.

தலைமையாசிரியர் "இப்படிப் பேசினா கண்டிப்பு போயிடும்மா" என்று தயங்கலாம். எங்களுடையவரும் தயங்கினார். நான் வாதாடவில்லை. சுற்றறிக்கை நோட்டில் அவர் எழுதியது அப்படியே இருக்கட்டும், ஆசிரியர்கள் கையெழுத்துப் போடுவது அதில்தான், மைக்கில் வாசிப்பதை மட்டும் ஒரு வாரம் நான் எழுதித் தருகிறேன் என்றேன். ஒத்துக்கொண்டார். மூன்றாம் நாள் மதியம் அவரே குழாயடிக்கு வந்து நின்றார். ஒண்ணாப்புப் பிள்ளை ஒன்று தட்டை உதறி அவர் வேட்டி முழுக்கத் தண்ணீர் தெறித்தது. "ரெண்டு உதறு சொன்னாங்க சார்" என்று இரண்டாவது உதறையும் உதறிவிட்டு, நடந்து போனது.